தொண்டையில் எதுவும் சிக்கவில்லை, ஆனாலும் அடைக்கிறது: ஏன்?

"டாக்டர், தொண்டையில ஏதோ உருண்டையா நிக்குது. முழுங்கினாலும் இறங்கல, காறினாலும் வெளிய வரல." காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்லும்போதே நோயாளியின் கை கழுத்தின் நடுவில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். பெரும்பாலும் விரல் காட்டும் இடம் அதேதான்.

நான் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி. சாப்பிடும்போது அந்த உருண்டை எப்படி இருக்கிறது?

பலரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பிடும்போது ஒண்ணும் தெரியல டாக்டர், சும்மா இருக்கும்போதுதான்" என்பார்கள். இந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம். உண்மையிலேயே ஒரு கட்டியோ அடைப்போ இருந்தால், கெட்டியான உணவுதான் முதலில் அதில் இடிக்கும். வெறும் எச்சில் சுலபமாக இறங்கிவிடும். இங்கே நடப்பது நேர்மாறு. சாப்பாடு தாராளமாக இறங்குகிறது, எச்சில்தான் மாட்டுவது போலிருக்கிறது. வழி திறந்துதான் இருக்கிறது, உணர்வுதான் மாறியிருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

அந்த உணர்வு கற்பனை அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். "எல்லாம் மனசுல தான்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள், அதில் புண்பட்டு வந்திருப்பார்கள். உணவுக்குழாயின் வாசலில், விரல் காட்டும் அதே மட்டத்தில், ஒரு தசை வளையம் இருக்கிறது. சுருக்குப்பையின் வாய் மாதிரி அது எப்போதும் இறுக்கி மூடியே இருக்கும். விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மட்டும் தளர்ந்து வழி விட்டு மறுபடி மூடிக்கொள்ளும். மூச்சு இழுக்கும்போது காற்று வயிற்றுக்குப் போகாமலும், வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறாமலும் காப்பது இந்த வளையம்தான். இது வழக்கத்தைவிடக் கூடுதலாக இறுகினாலோ, அதைச் சுற்றியுள்ள சவ்வு எரிச்சல்பட்டுக் கூருணர்வு அடைந்தாலோ, அங்கே ஒரு பொருள் இருப்பதாகவே மூளைக்குச் சேதி போகிறது.

மன இறுக்கத்தில் தோளும் தாடையும் இறுகுவதுபோல இந்த வளையமும் இறுகும். தூக்கத்தில் தளரும். அதனால்தான் பலருக்குக் காலையில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பொழுது போகப்போகக் கூடி, வேலையெல்லாம் முடிந்து உட்காரும் நேரத்தில் அந்த உருண்டை பெரிதாகத் தெரிகிறது.

அமிலம் இரண்டு வழிகளில் இதைச் செய்கிறது. வயிற்றிலிருந்து அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சிறிதளவு தொண்டை வரை ஏறி வருவது ஒரு வழி. உணவுக்குழாய் ஓரளவு அமிலத்தைத் தாங்கும். தொண்டைக்கும் குரல்வளைக்கும் அந்தப் பாதுகாப்பு குறைவு. நெஞ்செரிச்சலே தெரியாத அளவு அமிலம்கூட அங்கே உறுத்தலை உண்டாக்கிவிடும். இரண்டாவது வழியை நோயாளிகள் எளிதில் நம்புவதில்லை. அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதியோடு நின்றுவிடும், தொண்டைக்கு வரவே வராது. ஆனால் அதைத் தடுக்க நரம்பு வழியாக மேலே உள்ள வளையத்துக்குக் கட்டளை போய், அது இறுகிக்கொள்ளும். கோளாறு கீழே, உணர்வு மேலே.

சரி, ஆரம்பித்தது எதுவாக இருந்தாலும், அதை மாதக்கணக்கில் நீடிக்க வைப்பது பெரும்பாலும் நாமே செய்யும் இரண்டு காரியங்கள். உருண்டை இருப்பதாகத் தோன்றியதும் வெறும் எச்சிலைத் திரும்பத் திரும்ப விழுங்கிப் பார்க்கிறோம். இதைப் படிப்பவர் எந்தத் தொண்டைத் தொந்தரவும் இல்லாதவராக இருந்தாலும், தண்ணீர் இல்லாமல் ஐந்து முறை அடுத்தடுத்து விழுங்கிப் பாருங்கள். மூன்றாவதிலோ நான்காவதிலோ எச்சில் தீர்ந்து, தொண்டை ஒட்டிக்கொண்டு, ஏதோ அடைப்பது போலவே இருக்கும். ஒரு நாளில் நூறு முறை இப்படிச் சோதிப்பவருக்கு எப்படி இருக்கும்? இன்னொன்று, காறிச் செருமுவது. ஒவ்வொரு செருமலிலும் குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சவ்வு வீங்குகிறது, அதைக் காக்கச் சளி சுரக்கிறது, அந்தச் சளியை வெளியேற்ற மறுபடி செருமத் தோன்றுகிறது.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பதைத் தொட்ட பெண், கணக்குப் பிரிவில் வேலை. சளி இருமல் வந்து போன பிறகு தொண்டையில் உருண்டை. அதே சமயத்தில் நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் தொண்டைப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது. அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பது தினசரி வேலையாகிவிட்டது. நாக்கின் பின்கோடியில் இயல்பாகவே இருக்கும் மேடுகளைக் கட்டி என்று நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. என்னிடம் வருவதற்குள் ஆன்டிபயாடிக் இரண்டு சுற்று முடிந்திருந்தது. தைராய்டு ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு தெரிந்திருந்தது. அந்த அளவு முடிச்சு தொண்டையை அழுத்தாது; இந்த வயதில் பலருக்கு இருப்பதுதான். ஆனால் ஸ்கேன் தாளில் அந்த வரியைப் படித்தபின் அவருடைய பயம் இரட்டிப்பாகியிருந்தது.

எடை குறையவில்லை. குரல் மாறவில்லை. சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நெஞ்செரிச்சல் உண்டு, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு பதினொரு மணிக்குப் படுக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பல முறை செருமினார். "நீங்க செருமறது உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன். தெரியவில்லை.

கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மூக்கு வழியாக மெல்லிய வளையும் குழாய் விட்டுத் தொண்டையையும் குரல்வளையையும் பார்த்தோம். ஓரிரு நிமிட வேலை, மயக்க மருந்து ஊசி தேவையில்லை. திரையில் அவரையும் பார்க்கச் சொன்னேன். தான் கட்டி என்று நினைத்த மேடு எது, குரல் நாண்கள் எப்படி அசைகின்றன என்று அவரே பார்த்தது பாதி வைத்தியம். குரல்வளையின் பின்பக்கம் லேசான சிவப்பு இருந்தது. அதை மட்டும் வைத்து அமிலம்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஒரு தொந்தரவும் இல்லாத பலருக்கும் அந்தச் சிவப்பு உண்டு. இவருக்கு நெஞ்செரிச்சலும் இருந்ததால்தான் அமிலத்துக்கு மருந்து கொடுத்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்டை உருண்டை என்றாலே மாதக்கணக்கில் அமில மாத்திரை எழுதுவது பரவலான பழக்கம். பிரிட்டனில் தொடர்ந்து தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அமில மாத்திரை 30 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, 16 வாரம். இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தேறினார்கள். அதனால் நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இல்லாதவருக்கு இந்த மாத்திரையை நீட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. இருப்பவருக்குக் கொடுத்தால், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு, குறிப்பிட்ட காலத்துக்கு, அப்புறம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு எட்டு வாரம் என்று முடிவு செய்தோம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 சென்டிமீட்டர் உயர்த்தச் சொன்னேன். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் மேலே தள்ளப்படும். உடல் முழுதும் சரிவாக இருக்க வேண்டும். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர், அல்லது ஒரே ஒருமுறை அழுத்தமாக விழுங்குதல். டார்ச்சை எடுத்து வைத்துவிடச் சொன்னேன்.

ஐந்தாறு வாரத்தில் நெஞ்செரிச்சல் போய்விட்டது. உருண்டை குறைந்தது, போகவில்லை. மாலையில், குறிப்பாக மாதக் கடைசி வேலை நெருக்கடியில் வந்துகொண்டிருந்தது. இது எதிர்பார்த்ததுதான். அமிலத்தின் பங்கு விலகியபின் இறுக்கத்தின் பங்கு தனியாகத் தெரிந்தது. அதற்கு மாத்திரையை இரட்டிப்பாக்கவில்லை, பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினேன். வாயை நன்றாகத் திறந்து கொட்டாவி விட்டு, "ஹா" என்று மூச்சோடு குரலை இறக்குவது. நாக்கை முழுதாக வெளியே நீட்டிச் சில நொடி வைத்துத் தளர்த்துவது. தாடையைத் தொங்கவிட்டு மெல்ல அசைப்பது. தோளைக் காது வரை உயர்த்தித் தொப்பென்று விடுவது. ஒவ்வொன்றும் சில தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. மூன்றாம் மாதம் வந்தபோது, "இருக்கான்னு தேடினா இருக்கு டாக்டர், தேடலன்னா இல்ல" என்றார். செருமல் நின்றிருந்தது.

எல்லாருக்கும் இப்படி முழுதாகத் தீர்வதில்லை. சிலருக்கு வந்து வந்து போகும், தூக்கம் கெட்ட வாரங்களில் தலைகாட்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் புது ஸ்கேன் வேண்டியதில்லை.

ஆனால் கீழே சொல்பவை வேறு ரகம். இவற்றைத் தொண்டை உருண்டை என்று தள்ளிப்போடக் கூடாது. கெட்டி உணவு நிற்க ஆரம்பித்து, போகப்போக மென்மையான உணவும் இறங்க மறுப்பது. விழுங்கும்போது வலி, அதுவும் ஒரே பக்கம், காது வரை இழுக்கும் வலி. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பு. கையில் தட்டுப்படும் கழுத்துக்கட்டி, எச்சிலில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களும், ஐம்பது வயதுக்குப் பின் முதன்முறையாக இந்த உணர்வு வந்தவர்களும் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் சீக்கிரமே ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. சாப்பிடும்போதே முள்ளோ எலும்போ குத்தியதுபோல் தொடங்கியிருந்தால் அன்றே போக வேண்டும். படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தொண்டை இறுகி, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். மாரடைப்புக்கு முந்தைய வலி சிலருக்கு நெஞ்சில் தெரியாமல் தொண்டையில் தெரியும். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இதய மருத்துவரிடம். இசிஜி எடுத்தபின் தொண்டையைப் பார்த்துக்கொள்ளலாம்.