முதல் நாள் ஆசனம் கிடையாது

தருமபுரியில் என்னிடம் புதிதாக யோகா பழக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் பாய் விரிக்கும் வேலையே இல்லை. மூன்றே மூன்று காரியம் செய்யச் சொல்வேன். முட்டியை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். மோவாயை நெஞ்சில் வைக்க வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொட வேண்டும்.

முதலாவது பாதிப் பேருக்கு வராது. தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருக்கும், அவ்வளவுதான். பழகப் பழக இளகிவிடும். ஆனால் மூன்றுமே வராமல், கழுத்தும் முதுகும் கட்டை மாதிரி ஓரிடத்தில் நின்றுவிட்டால், "வீட்டில் என்ன தண்ணீர்?" என்று கேட்பேன்.

போன பேட்ச்சில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். "கொஞ்சம் அழுத்தி விடுங்க சார், வந்துடும்" என்றார். நான் கை வைக்கவில்லை. நம் பக்கத்து போர் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். வருடக்கணக்கில் உள்ளே போனால் அது எலும்பில் படியும். எலும்பைப் பிடித்திருக்கும் நார்களும் சுண்ணாம்பாக இறுகும். தசை இறுக்கம் என்று நினைத்து அதை அழுத்தினால் வலிதான் மிஞ்சும். எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் அதுதான் தெரிந்தது.

குடிக்க ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று அக்கா அடித்துச் சொன்னார். உண்மைதான். ஆனால் களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீர்! காய்ச்சினாலும் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். இப்போது சமையலுக்கும் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறார்.

டாக்டர் சரி என்ற பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோள் சுழற்சி, கணுக்கால் சுழற்சி, மூச்சை மெதுவாக நீட்டி விடுவது, இவை மட்டும் செய்கிறார். எழுந்து நடப்பது முன்பைவிடச் சுலபமாக இருக்கிறது என்கிறார். படிந்ததை யோகா கரைக்காது. அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்த பேட்ச் வரும் மாதம் முதல் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஆறு வாரம், திங்கள், புதன், வெள்ளி. காலையில் 6 முதல் 7 வரை. காலையில் முடியாதவர்களுக்கு அதே நாட்களில் மாலை 5.30 முதல் 6.30 வரை. ஒரு பேட்ச்சுக்குப் பன்னிரண்டு பேர்தான், அதற்கு மேல் ஒவ்வொருவரையும் பார்க்க என்னால் முடியாது. தாமதமானாலும் உள்ளே வாருங்கள், அவசரமாக மட்டும் தொடங்க வேண்டாம்.

காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். மாலை பேட்ச் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி நேரமாவது போகட்டும். களி சாப்பிட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பழைய போர்வை, தளர்வான உடை போதும். பிரஷர், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சீட்டைக் கொண்டுவாருங்கள். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நான்கு நாற்காலி தயாராக இருக்கிறது.