எரர் பார்: பேர்ல பிழை இருக்கு, ஆனா அது தப்பைக் காட்டுற கோடு இல்ல

ரிசல்ட் ஸ்லைடுல ஒவ்வொரு பார் மேலயும் 'I' மாதிரி மீசை வச்ச ஒரு கோடு நிக்கும்ல, அதுதான் எரர் பார். இந்த அளவு எவ்ளோ முன்ன பின்ன இருக்கலாம்னு சொல்ற கோடு அது.

எரர்ங்கிறது லத்தீன்ல 'எர்ராரே', அதாவது அலையிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது. ஒரே நட்சத்திரத்தோட இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தாலும் எண் கொஞ்சம் கொஞ்சம் மாறி வரும், இந்தச் சிதறலைத்தான் வானியல்காரங்க எரர்னு சொன்னாங்க, கணித மேதை காஸ் 1809ல எழுதின புத்தகத்துல கணக்குப் போட்டதும் இதுக்குத்தான். யாரோ தப்பா அளந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல.

இப்ப பெரிய குழப்பம் என்னன்னா, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற கோடு மூணு வேற வேற விஷயமா இருக்கலாம். ஒரு கணக்கு வச்சுப்போம். உரம் போட்ட 9 செடி சராசரி 24 செ.மீ., போடாத 9 செடி 20 செ.மீ., ரெண்டுலயும் திட்ட விலக்கம் 6 (இலங்கைப் பாடநூல்ல இதை நியம விலகல்னு போடுவாங்க). உரம் போட்ட குரூப்புக்குத் திட்ட விலக்கத்தையே கோடா போட்டா 18ல இருந்து 30 வரை, இது செடிக்குச் செடி எவ்ளோ வித்தியாசம்னு காட்டுது. சராசரியே எவ்ளோ முன்ன பின்ன இருக்கலாம்னு சொல்ற திட்டப் பிழைன்னா 6ஐ 9ஓட வர்க்கமூலமான 3ஆல வகுக்கணும், 2 வருது, கோடு 22ல இருந்து 26 வரைக்கும் சுருங்கிடும். 95% நம்பிக்கை இடைவெளின்னா சுமார் 19.4ல இருந்து 28.6.

நிறைய பேர் இந்த மூணுல திட்டப் பிழையைத்தான் போடுறாங்க, ஏன்னா அதுதான் குட்டியா அழகா இருக்கும். நம்ம கணக்குல உரம் போடாத குரூப்போட கோடு 18–22, போட்டது 22–26, ஒண்ணு மேல ஒண்ணு ஏறவே இல்ல, பார்க்கிறவங்க "ஆஹா உரம் வேலை செய்யுது"ன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஆனா ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 95% இடைவெளி போட்டா −2ல இருந்து +10 வரை வருது, நடுவுல பூஜ்யம் இருக்கு, அதனால உரம் ஒண்ணுமே செய்யலன்னாலும் இந்த டேட்டா பொருந்தும். என்னைக் கேட்டா இந்த −2 முதல் +10ஐயே ஸ்லைடுல பெருசா போடணும், கேக்கிறவங்க தெரிஞ்சுக்க வந்தது அதைத்தானே.

தமிழ்ல 'பிழைப்பட்டை'ன்னு நேரா மாத்தலாம், ஆனா பிழைன்னதும் நமக்குத் தப்புதான் ஞாபகம் வரும். வீச்சுக்கோடுன்னு சொல்லலாம்னா, புள்ளியியல்ல வீச்சுங்கிறது பெரிய மதிப்புல இருந்து சின்னதைக் கழிச்சது, அது வேற. அதனால எனக்கு 'நிச்சயமின்மைக் கோடு'தான் சரின்னு படுது. எந்தப் பேரை வச்சாலும் படத்துக்குக் கீழ "கோடு: சராசரியின் 95% நம்பிக்கை இடைவெளி, குழுவுக்கு 9 செடி"ன்னு ஒரு வரி கட்டாயம் எழுதுங்க, அதுவும் 9 செடின்னா 9 தனித்தனிச் செடி, 3 செடியை மும்மூணு தடவை அளந்துட்டு 9ன்னு போட்டா கோடு இல்லாத நம்பிக்கையைக் காட்டும்.