"கட் இஞ்சுரி"னு எழுதிட்டு கோர்ட்டுல போய் முழிக்காதீங்க

போன வாரம் ஒரு ஜூனியர் டாக்டர் கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டு வந்து போன்ல அழாத குறையா பேசினாங்க. இந்த மாதிரி போன் வர்றது இது முதல் தடவை இல்ல. எல்லா தடவையும் கேஸ் வேற, ஆனா தப்பு ஒண்ணுதான், அதனாலதான் இதை எழுதறேன். காஷுவாலிட்டில ட்யூட்டி பாக்கற எல்லாரும், முக்கியமா ஹவுஸ் சர்ஜனா இருக்கற தம்பி தங்கச்சிங்க, தயவு செஞ்சு முழுசா படிங்க.

நடந்தது இதுதான். அடிதடி கேஸ், தலையில காயத்தோட ஒருத்தர் ராத்திரி வந்திருக்கார். ஏஆர் புக்ல, அதாவது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல, இவங்க எழுதினது "கட் இஞ்சுரி, தலை, 5 x 1 செ.மீ." அவ்வளவுதான். சுத்தம் பண்ணி தையல் போட்டு வார்டுக்கு அனுப்பிட்டாங்க. போலீஸ் கைப்பத்தினது ஒரு உருட்டுக்கட்டை. பாதிக்கப்பட்டவரும் முதல்ல இருந்தே கட்டையாலதான் அடிச்சாங்கனு சொல்றார். ரெண்டு வருஷம் கழிச்சு கூண்டுல ஏத்தி எதிர்தரப்பு வக்கீல் கேக்கறார், "டாக்டர், கட் இஞ்சுரின்னா கூர்மையான ஆயுதத்தால வர்றதுதானே?" ஆமாம்னு சொல்லிட்டாங்க. "அப்ப இந்த உருட்டுக்கட்டையால இந்த காயம் வந்திருக்க வாய்ப்பில்லைதானே?" அதுக்கும் ஆமாம். அடி வாங்கினவர் சொன்னது உண்மையாவே இருந்தாலும், அவரோட சாட்சியும் டாக்டர் சாட்சியும் இப்ப ஒண்ணுக்கொண்ணு முரண். சந்தேகத்தோட பலனை குற்றம் சாட்டப்பட்டவருக்கு கொடுங்கனு கேக்க அந்த வக்கீலுக்கு இது போதும்.

இங்கதான் எனக்கு ஆத்திரமே வருது. தோல் பிளந்திருந்தா அது கட், ரத்தம் வந்தா அது கட்னு நினைக்கறாங்க. வீட்டுல, தெருவுல அப்படி பேசலாம், ஏஆர் புக்ல பேசக்கூடாது. மண்டை, புருவம், முழங்கால் முன்பக்க எலும்பு, இங்கெல்லாம் தோலுக்கு அடியில உடனே எலும்பு இருக்கு, மொட்டையான கட்டையால அடிச்சாலும் தோல் எலும்புக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டி நேர்கோடா பிளந்துடும், பாத்தா கத்தியால கீறின மாதிரியே இருக்கும். இது லேசரேஷன்தான், வெட்டுக்காயம் இல்ல. வித்தியாசம் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேணாம், நல்ல வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். காயத்தை சுத்தி முடியை ஷேவ் பண்ணுங்க, ஓரத்தை விரிச்சு பாருங்க. ஓரத்துல லேசா சிராய்ப்பு, கன்னிப்போன நிறம் இருக்கா, முடி வேர் நசுங்கியிருக்கா, உள்ள ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்கு நூல் நூலா திசு அறுபடாம நிக்குதா? இதெல்லாம் இருந்தா மொட்டை ஆயுதம். ஓரம் சுத்தமா இருந்து, முடியும் உள்ள இருக்கற எல்லாமும் துல்லியமா அறுந்திருந்தா கூர்மையான ஆயுதம். பாத்து முடிவு பண்ண முடியலையா, பரவால்ல, பேர் வைக்காம பாத்ததை மட்டும் எழுதுங்க, யாரும் உங்களை தூக்குல போட மாட்டாங்க.

இதை தையல் போடறதுக்கு முன்னாடி பாக்கணும். ரத்தம் கொட்டுது, பேஷன்ட் மோசமா இருக்கார்னா உயிரைக் காப்பாத்தறதுதான் முதல், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா நிலையா இருக்கற பேஷன்ட்டுக்கு தைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எடுத்துக்க முடியாதா? தைச்சப்புறம் அந்த ஓரம் எப்படி இருந்துச்சுனு உலகத்துல யாராலும் சொல்ல முடியாது, நீங்க எழுதினது மட்டும்தான் மிச்சம். அந்த கேஸ்ல எழுதியிருக்க வேண்டியது இப்படி: "தலையின் வலது பக்கம், காதின் மேல் ஓரத்துக்கு 6 செ.மீ. மேலே, முன்பின்னாக, 5 x 1 செ.மீ., எலும்பு வரை ஆழம், ஓரங்கள் ஒழுங்கற்றவை, கன்னிப்போயுள்ளன, உள்ளே திசு இழைகள் தெரிகின்றன". இங்கிலீஷ்ல எழுதினா மூணு வரிகூட வராது. இது இருந்தா வக்கீல் அந்த கேள்வியை கேட்டிருக்கவே மாட்டார்.

அடுத்தது ஹிஸ்டரி. ஏஆர்ல "அலெஜ்டு"னு ஒரு வார்த்தை போட்டுட்டா நாம தப்பிச்சோம்னு ஒரு நினைப்பு. யார் சொன்னதுனு எழுதாத அலெஜ்டுக்கு பாதி மதிப்புதான். பைக் விபத்து கேஸ் எடுத்துக்கோங்க. லாரி உரசி பையன் விழறான், மயக்கம். சம்பவத்தை பாக்காத ஃபிரண்டு ஆட்டோல தூக்கிட்டு வந்து "பைக்ல இருந்து விழுந்துட்டான் டாக்டர்"ங்கறான். நாம "செல்ஃப் ஃபால்"னு எழுதறோம். அப்புறம் லாரி நம்பரோட எஃப்ஐஆர் ஆகி, குடும்பம் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல நஷ்டஈடு கேட்டு போனா, இன்சூரன்ஸ் வக்கீல் கையில முதல் ஆயுதம் நம்ம ஏஆர் காப்பிதான், தானா விழுந்தவன் லாரியை பின்னாடி சேர்த்துட்டான்னு வாதாடுவார். ஃபிரண்டு சொன்னது பொய்யும் இல்ல, அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். "கூட வந்தவர் சொன்னது, அவர் சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை, நோயாளி பேசும் நிலையில் இல்லை"னு எழுதியிருந்தா அந்த வாதத்துல பலம் இருக்காது. பையனுக்கு நினைவு வந்து லாரினு சொன்னா, கேஸ் ஷீட்ல தேதி நேரத்தோட, அவன் சொன்னதா தனியா எழுதுங்க. பழைய ஏஆர்ல கைவைக்காதீங்க.

இதுல எதிர்ப்பக்கமும் இருக்கு. "டாக்டர், லாரினு மாத்தி எழுதிக் குடுங்க, ஏழைக் குடும்பம்"னு கெஞ்சிட்டு வருவாங்க, உண்மையிலேயே ஏழையாவும் இருப்பாங்க. மாத்தாதீங்க. ஏஆர் கார்பன் காப்பி ஸ்டேஷனுக்கு போயிருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுடும், அப்ப உண்மையான லாரி கேஸும் பொய்யாத் தெரியும். எழுதும்போது கை தவறினா ஒரே ஒரு கோடு, அடியில இருக்கறது படிக்கற மாதிரி அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி கையெழுத்தும் தேதியும் போடுங்க. வொயிட்னர் வேணவே வேணாம்.

சிம்பிளா கிரீவஸா, இது கடைசி. பாவம் நிறைய அடி வாங்கியிருக்கார்னு கிரீவஸ் போடறவங்க இருக்காங்க, கேட்டா "அவருக்கு நல்லதுதானே சார்"ங்கறாங்க. நல்லது இல்ல. கொடுங்காயம்னா சட்டம் சொல்ற எட்டு வகையில ஏதாவது ஒண்ணுல வரணும், எலும்பு முறிவு மாதிரி. எக்ஸ்ரே, சிடி பாக்காம எழுதிட்டு கோர்ட்டுல "எந்த வகை டாக்டர்?"னு கேட்டா பதில் இருக்காது, அப்புறம் நீங்க சரியா எழுதின மத்த காயங்களையும் நம்ப மாட்டாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் "ஒப்பீனியன் ரிசர்வ்டு"னு வைங்க, ஆனா வந்தப்புறம் மறக்காம முடிச்சு வைங்க, வருஷக்கணக்கா ரிசர்வ்டாவே கிடக்கற வூண்ட் சர்டிபிகேட்டை வச்சுக்கிட்டு ஏட்டய்யா அலையறதை நான் பாத்துட்டேதான் இருக்கேன். இன்னொண்ணு, கொடுங்காயம்னு சொல்ல, கடுமையான வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ இருந்திருக்க வேண்டிய நாள் கணக்கு பழைய ஐபிசில 20, 2024 ஜூலை 1-ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதால 15. சம்பவம் எந்த தேதினு பாத்துட்டு எழுதுங்க. வெறுமனே 15 நாள் ஆஸ்பத்திரில படுத்திருந்தார்ங்கறதும் போதாது, வலியோ வேலை செய்ய முடியாததோ கேஸ் ஷீட்ல தினமும் பதிவாகியிருக்கணும்.

சம்மன் வந்தா போறதுக்கு முந்தின நாள் ஏஆரையும் கேஸ் ஷீட்டையும் எடுத்து ஒரு தடவை படிங்க. கூண்டுல நின்னுக்கிட்டு ஆவணத்தை பாத்து சொல்றேன்னு ஜட்ஜ்கிட்ட அனுமதி கேக்கலாம், அது தப்பே இல்ல, நிறைய பேர் வெக்கப்பட்டு ஞாபகத்துல இருந்து சொல்லி மாட்டிக்கறாங்க. "இந்த கட்டையால வருமா?"னு கேட்டா கட்டையை கையில வாங்கி பாத்துட்டு, காயத்தோட விவரத்தோட ஒப்பிட்டு, "வரலாம்" இல்லனா "வாய்ப்பு குறைவு"னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைனு சொல்லுங்க.