நாயோட ரிப்போர்ட்ல ஏஎல்பி 12 மடங்கு ஏறினா ஈரல் போச்சுன்னு அர்த்தமா?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஐயா ஒருத்தர் அவரோட மணிய தூக்கிட்டு பஸ்ல வந்தாரு, 11 வயசு, 14 கிலோ, முதுகுல முடி குறைஞ்சு வயிறு தொங்கிப்போன ஊர் நாய். வேற இடத்துல எடுத்த பிளட் ரிப்போர்ட்ட மழையில நனையாம பொலிதீன் பேக்ல சுத்தி வச்சிருந்தாரு. அதுல ஏஎல்பிங்கிற ஈரல் என்சைம் 1,860, அந்த லெப்ல நார்மல் 150க்கு கீழ. டவுன்ல யாரோ பார்த்துட்டு ஈரல் முழுக்க போயிருச்சுன்னு சொல்லிட்டாங்களாம், "டொக்டர், இன்னும் எத்தன நாளைக்கு இருக்கும்?"னுதான் ஐயா முதல்ல கேட்டாரு.

அந்த பேப்பர்லயே பதில்ல பாதி இருந்துச்சு. ஏஎல்டின்னு இன்னொரு ஈரல் என்சைம் வரி, அதுல 165, நார்மல் 100 வரைக்கும். இப்படி ரெண்டு நம்பர் இருந்தா நம்பர பார்க்காதீங்க, மடங்க பாருங்க, ஏன்னா ஒவ்வொரு லெப்புக்கும் நார்மல் வேற. மணிக்கு ஏஎல்பி 12 மடங்குக்கும் மேல, ஏஎல்டி ரெண்டு மடங்கு கூட இல்ல. எது முன்னால ஓடுது எது பின்னால நிக்குதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

ஏஎல்டி ஈரல் செல்லுக்கு உள்ள இருக்கிற சரக்கு. செல்லோட தோல் அடிபட்டா அது வெளியே ஒழுகி ரத்தத்துல கலக்கும், அதனால ஏஎல்டி நிறைய ஏறினா செல் அடிவாங்குதுன்னு அர்த்தம். ஏஎல்பி அப்படி ஒழுகி வர்றதில்ல. அது பித்தம் ஓடுற பக்கத்துல செல் சுவர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அது ஏறணும்னா செல் புதுசா செஞ்சு தள்ளணும். செய்ய வைக்கிறது பெரும்பாலும் ரெண்டு விஷயம், ஒண்ணு பித்தம் போக வழியில்லாம தேங்குறது, இன்னொண்ணு ஏதோ மருந்தோ ஹோர்மோனோ செய்யச் சொல்லி தூண்டுறது. வலிப்புக்கு குடுக்கிற பீனோபார்பிட்டோன் அப்படித்தான் ஏத்தும், அதவிட பெருசா ஏத்துறது ஸ்டீரொய்ட்.

இங்கதான் நாய் மனுஷன விட்டு விலகுது. ஸ்டீரொய்ட் உடம்புக்குள்ள போனா நாயோட ஈரல், குடல்ல இருக்கவேண்டிய ஒரு ஏஎல்பி வகைய தானே செய்ய ஆரம்பிக்கும். சாதாரணமா குடல் வகை ரத்தத்துக்கு வந்தா சில நிமிஷத்துல காணாம போயிரும், ஆனா ஈரல் செய்யிற இந்த வகைக்கு மேல சர்க்கரை நிறைய ஒட்டியிருக்கிறதால அது சீக்கிரம் போகாது, பாதியா குறையவே கிட்டத்தட்ட 3 நாள் ஆகும், அதுக்குள்ள புதுசும் வந்து சேர்ந்துக்கிட்டே இருக்கும். மனுஷனுக்கு இந்த வகையே கிடையாது, பூனைக்கும் கிடையாது. மனுஷங்க ரிப்போர்ட் பார்த்து பழகின கண்ணுக்கு 1,860 பயங்கரமா தெரியுறது அதனாலதான்.

சரி, தேங்குதா தூண்டுதா, எப்படி கண்டுபிடிக்கிறது? பித்தத்துல இருக்கிற மஞ்சள் சாயம், பிலிருபின், அதப் பாருங்க. பித்தம் நல்லா தேங்கினா பிலிருபினும் கூட ஏறும், முரசும் கண் வெள்ளையும் மஞ்சளாகும், யூரின் ஒரேஞ்ச் கலருக்குப் போகும். தேக்கத்தோட ஆரம்பத்துல ஏஎல்பி மட்டும் முந்தி ஏறும்ங்கிறதையும் மறக்கக்கூடாது, ஆனா 12 மடங்கு ஏறியும் பிலிருபின் அசையாம நிக்குற நாய், நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற நாய்னா நான் ஸ்டீரொய்ட் பக்கம்தான் முதல்ல போவேன். மணியோட பிலிருபின் 0.2, ஈரல் செய்யிற அல்புமின்ங்கிற புரதம், ரெண்டும் நார்மல், முரசு ரோஸ் கலர்.

"சொறிக்கு ஊசி ஏதும் போட்டீங்களா ஐயா?"ன்னு கேட்டேன். போன வருஷத்துல இருந்து மாசம் ஒருக்கா போட்டிருக்காங்க, போட்ட அன்னைக்கே சொறியுறது நிக்குமாம், பத்தாததுக்கு வீட்டுல இருந்த மனுஷங்களுக்கான தோல் கிரீமையும் தடவியிருக்காங்க. அந்த கிரீம்லயும் ஸ்டீரொய்ட்தான், தோல் வழியா, நக்குற வாய் வழியா உள்ள போயிரும், காது சொட்டு மருந்துலயும் இதே கதை. ஸ்டீரொய்ட் தாகத்தையும் கூட்டும், அதனால தண்ணி எவ்வளவு குடிக்குதுன்னு அளந்து பார்க்கச் சொன்னேன், ஐயா சோடா போத்தல்ல அளந்து ஊத்தி ஒரு நாளைக்கு ரெண்டு லீட்டர்னு சொன்னாரு. 14 கிலோ நாய்க்கு 1,400 மில்லிய தாண்டினாலே அது அதிகம்.

இதே ஏஎல்பி வேற நம்பர்களோட சேர்ந்து ஏறி வந்தா கதையே மாறிடும். அதே மழையில இன்னொரு நாய், 3 வயசு, லயத்துக்குப் பின்னால கான்ல எலி புடிச்சு திரியுறது, மூணு நாளா சாப்பாடு இல்ல, வாந்தி. ஏஎல்பி 1,100, ஏஎல்டி 240. நம்பர மட்டும் வச்சா மணிய விட லேசான கேஸ் மாதிரி இருக்கும். ஆனா பிலிருபின் 6, கிட்னிக்கான கிரியாட்டினின் 4.2, முரசு மஞ்சக்கிழங்கு மாதிரி. ஈரலும் கிட்னியும் சேர்ந்து விழுந்தா, அதுவும் எலி இருக்கிற ஈரமான இடத்துல, எலிக்காய்ச்சல்னு நினைச்சுத்தான் வேலை தொடங்கணும். அன்னைக்கே அட்மிட் பண்ணி டிரிப் ஏத்தி மருந்து தொடங்கினோம், அந்த நாயோட யூரின கையுறை இல்லாம தொடவேணாம்னு வீட்டுல சின்னப் புள்ளைங்க வரைக்கும் சொல்லி அனுப்பினேன், ஏன்னா அது மனுஷங்களுக்கும் தொத்தும்.

ஏஎல்டி முன்னால ஓடுற கேஸ் வேற. பூஞ்சணம் பிடிச்ச சோளத்தையோ விஷத்தையோ தின்ன நாய்க்கு ஏஎல்டி 20 மடங்கு போகும், ஏஎல்பி லேசாத்தான் அசையும். அங்க ஒரு ரிப்போர்ட் பத்தாது, ரெண்டு மூணு நாள்ல திரும்ப எடுக்கணும். ஒருதரம் அடிச்சு நின்ன அடின்னா ஏறக்குறைய அந்த அளவு நாள்ல பாதியா இறங்கியிருக்கும், இறங்கலைன்னா அடி இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு. ஆனா நம்பர் இறங்குறது எப்பவும் நல்ல செய்தி இல்ல. ஈரல் சுருங்கி தழும்பாகிப்போன நாய்ல ஒழுகுறதுக்கே செல் மிச்சமில்லாம ஏஎல்டி நார்மலுக்கு வந்து நிக்கும், அப்போ அல்புமின் குறைஞ்சிருக்கும், வயித்துல நீர் கட்டியிருக்கும். ஈரலுக்கு எவ்வளவு அடின்னுதான் என்சைம் சொல்லும், ஈரல் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அல்புமின், சுகர், பித்த அமிலம் இதெல்லாம்தான் சொல்லும்.

மணிக்கு ஈரல் டொனிக் ஒண்ணும் எழுதல. ஊசியும் கிரீமும் நிப்பாட்டினோம், ஆனா சும்மா இல்ல, பல மாசம் வெளியில இருந்து ஸ்டீரொய்ட் கிடைச்ச உடம்பு தானா செய்யிறத மறந்திருக்கும், திடீர்னு வெட்டினா சோர்ந்து விழுந்துரும், அதனால ப்ரெட்னிசொலோன்ங்கிற ஸ்டீரொய்ட் மாத்திரைய சின்ன அளவுல குடுத்து வாரத்துக்கு வாரம் குறைச்சுக்கிட்டே வந்தோம். சொறிக்குக் காரணம் தெள்ளுப்பூச்சி, அதுக்கு மாசத்துக்கு ஒரு மாத்திரை. உடம்பே ஸ்டீரொய்ட கூடுதலா செய்யிற குஷிங் வியாதியும் இதே ரிப்போர்ட்டத்தான் காட்டும், ஆனா ஊசி உடம்புல இருக்கும்போது அதுக்கான டெஸ்ட் எடுத்தா பொய்யா வரும், அதனால பொறுத்தோம்.

ஸ்டீரொய்ட் மாத்திரை முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு ஏஎல்பி 410, ஏஎல்டி 88. தண்ணி 700 மில்லிக்கு வந்திருந்துச்சு, முதுகுல மென்மையா முடி முளைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அடுத்த டெஸ்ட்ல ஏஎல்பி 410க்கு மேல திரும்ப ஏறினா குஷிங் டெஸ்ட், காலையில ஒரு ஊசி போட்டு 8 மணித்தியாலத்துக்குள்ள மூணு தடவ ரத்தம் எடுக்கணும், அன்னைக்கு முதல் பஸ்ஸுலயே வந்துரணும்னு ஐயாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.