உள்ளது – தக்கது இடைவெளி

ஆங்கில மெய்யியலில் ‘இஸ்–ஓட்’ இடைவெளி எனப்படுவதற்குத் தமிழில் ‘உள்ளது–தக்கது இடைவெளி’ பொருந்தும். நிலைமை இப்படி இருக்கிறது என்று சொல்லும் கூற்றுகளை எத்தனை அடுக்கினாலும், இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற முடிவு அவற்றிலிருந்து மட்டும் பிறக்காது என்பதே பொருள்.

இதன் வேர் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுதி, 1740இல் வெளிவந்த ஒரு நூற்பகுதியில் உள்ள சிறு பத்தி. அறம் பேசுவோர் ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ‘வேண்டும், கூடாது’ என்று தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலுக்குக் காரணம் காட்டுங்கள் என்று கேட்டார் அவர்.

‘உள்ளது–வேண்டியது’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ‘வேண்டும்’ வழுக்கும் சொல். ‘பவளப்பாறையான முருகைக்கல்லுக்கு வெளிச்சம் வேண்டும்’ என்பது தேவையைச் சொல்லும் தகவல்; ‘முருகைக்கல்லைக் காக்க வேண்டும்’ என்பது அறக்கூற்று. ‘செய்தக்க’ என்று வள்ளுவர் ஆண்ட சொல்லில் இந்தக் குழப்பம் குறைவு.

திருகோணமலை மாணவர் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைப்போம்: ‘நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் ஆழமில்லாத இடங்களில் குளிப்போர் முருகைக்கல்லை மிதிக்கிறார்கள். மிதித்தால் அது உடையும். திரண்டு வளரும் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ.தான் வளரும். ஆகவே அங்கே ஆட்களை விடக் கூடாது.’ முடிவுக்கு அடிப்படையாக அவர் வைத்த மூன்று எடுகூற்றுகளும் சரியாக இருக்கலாம். ஆனாலும் வாதம் வாய்ப்பானதல்ல, அதாவது அவற்றிலிருந்து முடிவு பிறக்காது. ‘கூடாது’ முடிவில்தான் முதன்முதலாக வருகிறது. விடுபட்டது, ‘மெல்ல வளரும் உயிரினத்தைக் காப்பது குளிப்போரின் மகிழ்ச்சியையும் படகோட்டிகளின் வருமானத்தையும் விட முக்கியம்’ என்ற நான்காவது எடுகூற்று.

அதை எழுதியவுடன்தான் உண்மையான விவாதம் தொடங்குகிறது. அதே மூன்று தகவல்களோடு ‘பிழைப்பைக் கெடுக்காமல் கேட்டைக் குறைக்க வேண்டும்’ என்பதைச் சேர்த்தால், தடை வராது. ஆட்தொகைக்கு வரம்பு வைப்பது, மிதவை கட்டி வழி காட்டுவது போன்ற முடிவுகளுக்கே வருவோம்.

கட்டுரையைச் சோதிக்க, வேண்டும், கூடாது, தகும், கடமை, நியாயம் ஆகிய சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். முதற்கோடு கடைசிப் பத்தியில் விழுந்தால் இடைவெளி திறந்தே கிடக்கிறது. ‘சீரழிவு’, ‘அத்துமீறல்’ போன்ற சொற்கள் இன்னும் கள்ளத்தனமானவை: பார்த்தால் தகவல், உள்ளே தீர்ப்பு. ‘சீரழிக்கிறார்கள்’ என்பதை ‘உடைக்கிறார்கள்’ என்று மாற்றிப் பாருங்கள், வாதம் அப்படியே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு, தகவலால் பயனே இல்லை என்று சிலர் முடிவுகட்டுவார்கள். அது அவசரம். தகவல் தனியாக அறமுடிவைத் தராது, ஆனால் தந்த முடிவைக் கவிழ்க்கும். உடைவுக்கு முக்கிய காரணம் கால்கள் அல்ல, நங்கூரம் என்று தெரியவந்தால், நான்காவது எடுகூற்றில் ஓர் எழுத்தும் மாறாமலே குளிப்போருக்கான தடை அடிபட்டுப் போய்விடும். நங்கூரத்தை எங்கே இறக்குவது என்பதே பேச்சாகும்.