ஷ்மிட் ட்ரிக்கர் – தயக்கத் தூண்டி

ஷ்மிட் என்பது ஆள் பெயர். அமெரிக்க அறிவியலர் ஓட்டோ ஷ்மிட் இந்தச் சுற்றை 1938இல் வெளியிட்டார். அப்போது டிரான்சிஸ்டர் இல்லை, வால்வில்தான் செய்தார். ட்ரிக்கர் என்றால் துப்பாக்கி விசை. தூண்டி என்று தமிழில் சொல்லலாம். ஆனால் எல்லாத் தூண்டியும் இது ஆகாது. உள்ளீடு ஏறும்போது ஒரு வோல்ட்டில், இறங்கும்போது அதைவிடக் குறைந்த வோல்ட்டில் வெளியீடு நிலை மாறுவதே இதன் குணம். இந்த இடைவெளியின் ஆங்கிலப் பெயரான ஹிஸ்டெரிசிஸ், பின்தங்குதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லில் பிறந்தது. இயற்பியல் பாடத்தில் நமக்குப் பழகிய ‘காந்தத் தயக்கம்’ இதே ஹிஸ்டெரிசிஸ்தான். ஆகவே ‘தயக்கத் தூண்டி’ பொருத்தமான பெயர்.

நகரி பக்கத்து விசைத்தறி ஒன்றில் ஊடை எண்ணும் கவுன்டர் வைப்பதாகக் கொள்வோம். கிராங்க் நிமிடத்துக்கு 150 சுற்று. ஒரு சுற்றுக்கு 400 மில்லிவினாடி. கிராங்கில் பொருத்திய தகடு ஒளி சென்சாரை மறைக்கும்போது அதன் வெளியீடு 5 வோல்ட் வரை ஏற 5 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். 74HC393 போன்ற கவுன்டரின் கடிகார உள்ளீடு, அரை மைக்ரோவினாடிக்குள் மாறும் முனைகளுக்காகச் செய்யப்பட்டது. 5 மில்லிவினாடி அதற்குப் பல்லாயிரம் மடங்கு மெதுவு. நிலை மாறும் வோல்ட்டைத்தான் வாசல் என்கிறோம்; ஏற்றம் வாசலருகே ஊர்ந்து போகையில் 0.2 வோல்ட் இரைச்சல் இருந்தாலும் சிக்னல் அந்த வாசலை மேலும் கீழுமாகப் பலமுறை கடக்கும். ஒரு ஊடை மூன்றாகப் பதிவாகும்.

மோட்டாரை நிறுத்திவிட்டுத் தறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எண் தாவுகிறது, வேகமாக ஓட்டினால் தாவல் குறைகிறது என்றால் காரணம் மெதுவான முனை. மோட்டார் போடும் கணத்தில் மட்டும் தாவினால் மின்வழங்கல் பாதையைத் தேடுங்கள்.

மருந்து, இடையில் 74HC14 என்ற ஷ்மிட் ட்ரிக்கர் சிப் ஒன்று. 5 வோல்ட்டில் ஏறும் வாசல் ஏறத்தாழ 2.6, இறங்கும் வாசல் 1.6 வோல்ட், சிப்புக்குச் சிப்பு கொஞ்சம் மாறும். இந்த 1 வோல்ட் தயக்கத்துக்குள் 0.2 வோல்ட் இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் மோட்டார் தரும் கூரான முள் 1 வோல்ட்டுக்கு மேல் போனால் சிப் மட்டும் போதாது. அதற்குத்தான் சிப்புக்கு முன் தொடராக 10 கிலோ ஓம், சிப்பின் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 100 நானோஃபாரட்.

சென்சாரின் மேலிழு மின்தடையும் 10 கிலோ ஓம் என்றால் ஏறும்போது கால மாறிலி சுமார் 2, இறங்கும்போது 1 மில்லிவினாடி. தகடு சுற்றில் 30 பாகை மறைத்தால் 33 மில்லிவினாடி கிடைக்கும், எண் தவறாது. இந்த மின்தேக்கியைச் சிப்புக்குப் பின்னால், கவுன்டர் பக்கம் வைக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. அங்கே வைத்தால் கூர்மையாக்கிய முனை மறுபடி மழுங்கிவிடும்.

74HC14 தலைகீழாக்கும். 74HC393 இறங்கும் முனையில் எண்ணும். ஆகவே தகடு சென்சாருக்குள் நுழையும்போது எண் கூடும். சிப்பின் 14, 7 கால்களுக்கு நடுவே ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். பயன்படாத உள்ளீடுகளைத் தரையில் கட்டுங்கள். CD4017 கவுன்டரில் கடிகார உள்ளீட்டிலேயே தயக்கம் உண்டு; அதற்குத் தனியாக 74HC14 வேண்டாம், மேலே சொன்ன 10 கிலோ ஓம், 100 நானோஃபாரட் வடிகட்டி மட்டும் போதும்.