‘மறைநாணயம்’ வேண்டாம், ‘பேரேட்டுக் காசு’ என்போம்

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையைத் திறந்தாலும் வானொலியைப் போட்டாலும் கிரிப்டோகரன்சிக்கு ‘மறைநாணயம்’ என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் பிழை. பிழை என்பதோடு நிற்காமல் ஆட்களை ஏமாற்றவும் உதவுகிறது என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கிரிப்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஒளித்து வைத்தது. அதிலிருந்து ‘கிரிப்டோகிராபி’, அதாவது செய்தியை மறைத்து எழுதும் கலை. அந்தக் கலையின் கணிதத்தைக் கொண்டு இயங்கும் காசு என்பதால் ‘கிரிப்டோகரன்சி’. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்து ‘மறை’ என்று போட்டுவிட்டார்கள்.

ஆனால் இவ்வகைக் காசுகளில் முதலில் வந்த பிட்காயினில் அந்தக் கணிதம் எதையும் மறைப்பதில்லை. அது செய்யும் முக்கிய வேலை இரண்டு. ஒன்று, இந்தக் காசை அனுப்பும் உரிமை உள்ளவர்தான் அனுப்பினார் என்பதற்கான கையொப்பம். மற்றது, பழைய பதிவில் யாரும் கை வைத்தால் உடனே பிடிபடும்படி பொதுக் கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் முந்திய பக்கத்தோடு கட்டி வைப்பது. 2009 ஜனவரி 3 அன்று பதிந்த முதல் பக்கத்திலிருந்து இன்றுவரை நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆட்களின் பெயர் அங்கே இராது, முகவரி எண்தான் இருக்கும். தொகையையும் முகவரியையும்கூட மறைக்கிற மொனேரோ போன்றவை தனியாக உண்டு. மறைநாணயம் என்று சொல்லத்தான் வேண்டுமென்றால் அவற்றைச் சொல்லுங்கள்.

இந்தச் சொல்லால் வரும் கேட்டுக்கு ஒன்கொயின் நல்ல எடுத்துக்காட்டு. 2014இல் பல்கேரியாவில் தொடங்கி, உலகம் முழுவதும் ஆட்களிடமிருந்து 400 கோடி டொலருக்கு மேல் சுருட்டிய மோசடி அது. அதற்குப் பொதுக் கணக்கேடே இருக்கவில்லை. விலையையும் நடத்தியவர்களே தீர்மானித்தார்கள். அரை யூரோவில் தொடங்கிக் கிட்டத்தட்ட 30 யூரோ வரை அந்த ‘விலை’ ஏறிக்கொண்டே போனது. ‘மறைநாணயம்’ என்று கேட்டுப் பழகிய ஒருவருக்கு ‘கணக்கேட்டைக் காட்டு’ என்று கேட்க எப்படித் தோன்றும்? மறைவாகத்தானே இருக்கும் என்று விட்டுவிடுவார். ஏட்டைத் திறந்து காட்ட முடியாதவனிடம் காசு கொடுக்கக் கூடாது என்ற முதல் பாடத்தையே அந்தச் சொல் அழித்துவிடுகிறது.

பிற்பாதியான ‘நாணயம்’ இன்னும் மோசம். தமிழில் நாணயம் என்றால் நேர்மையும்தான். ‘நாணயமான மனிசன்’ என்கிறோம். அரசு வெளியிட்டு, வாங்க மறுக்கக் கூடாது என்று சட்டம் பின்னால் நிற்கும் பணத்துக்கும் அதே சொல். பிட்காயினுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. இலங்கையில் அது சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. வாக்குறுதி இல்லாத ஒன்றுக்கு வாக்குறுதி மணக்கும் சொல்லை ஏன் சூட்ட வேண்டும்?

அப்படியென்றால் அதற்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? கணினியால் கணக்குப் புதிரை விடுவித்துப் புதுக் காசைத் ‘தோண்டி’ எடுக்கச் செலவாகும் மின்சாரத்திலிருந்து என்று பலர் எழுதுகிறார்கள். அது தலைகீழ். விலை இருப்பதால்தான் மின்சாரம் செலவழிக்க ஆள் வருகிறார்கள்; விலை விழுந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். கம்பனிப் பங்கு என்றால் இலாபம் உண்டு, ரூபாய் என்றால் அதில் வரி கட்டியாக வேண்டும். பிட்காயினுக்கு இரண்டும் இல்லை. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் வராது என்ற விதி, யாருடைய அனுமதியும் கேட்காமல் எல்லை தாண்டி அனுப்பலாம் என்ற வசதி, அந்த ஏட்டை மாற்றி எழுதுவது மிகக் கடினம் என்ற உறுதி: இவற்றுக்காக இன்னொருவர் என்ன கொடுக்கத் தயார் என்பதே அதன் மதிப்பு. அந்த ‘இன்னொருவர்’ மனம் மாறினால் பிடித்து நிறுத்தக் கீழே ஒன்றும் இல்லை.

பிட்காயினின் விலை சட்டென்று ஏறியும் இறங்கியும் துள்ளுவதற்கு முதற்காரணம் இதுதான். அடுத்த காரணம், கேட்பவர் கூடினாலும் வரத்து கூடாது என்பது. சின்ன வெங்காயத்துக்கு நல்ல விலை வந்தால் அடுத்த போகத்தில் வலிகாமம் முழுக்க வெங்காயம் நடுவார்கள், விலை இறங்கும். பிட்காயினில் தோண்டுபவர் எத்தனை பேர் கூடினாலும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் புதிர் தானாகக் கடினமாகி வரத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டொலரைத் தொட்டது. ஒரு வருடம் கழித்து 16,000க்குக் கீழே போனது. இரண்டு நேரமும் நாளொன்றுக்குப் புதிதாக வந்தது ஏறக்குறைய அதே 900 காசுதான். வரத்து அசையாதபோது தேவையின் முழு அதிர்ச்சியும் விலைமேலேதான் விழும்.

மூன்றாவது, அந்த விலை எத்தனை மெல்லிய வியாபாரத்தில் பிறக்கிறது என்பது. எளிய கணக்கொன்று பார்ப்போம். ஒரு காசு மொத்தம் 1 இலட்சம் இருக்கிறது, விலை 100 ரூபாய். இப்போது விற்க நிற்பவை 100 ரூபாய்க்கு 5, 103க்கு 3, 110க்கு 2. ஒருவர் வந்து உடனே 10 வேண்டும் என்கிறார். மூன்று வரிசையையும் துடைத்து எடுக்க அவருக்குச் செலவு 1,029 ரூபாய். கடைசி விற்பனை 110 என்பதால் இனி விலை 110. மீதிக் காசுகளையும் அதே விலையில் பெருக்கி ‘மொத்த மதிப்பு 10 இலட்சம் ரூபாய் உயர்ந்தது’ என்று செய்தி வரும். உள்ளே வந்தது 1,029 ரூபாய். இறங்கும்போதும் இதே கதைதான்.

அப்புறம் கடன் வாங்கி ஆடுபவர்கள். 10,000 ரூபாயோடு 90,000 கடன் சேர்த்து வாங்கியவருக்கு விலை 10 சதவீதம் விழுந்தாலே கைக்காசு முழுவதும் போய்விடும். கடன் கொடுத்த சந்தை அதற்கு முன்பே அவருடைய காசைத் தானாக விற்றுவிடும். அந்த விற்பனை அதே மெல்லிய வரிசையில் விழ, விலை இன்னும் இறங்கும், அடுத்த கடன்காரரும் விற்கப்படுவார். ஓர் இரவில் சரிவு ஏற்படுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒன்கொயினில் இந்தத் துள்ளல் இல்லாமல் போனதற்குக் காரணம், அங்கே உண்மையான சந்தையே இல்லை. ஏறிக்கொண்டு மட்டும் போகும் விலையைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்.

சரி, என்ன சொல்லலாம்? ‘எண்ணிம நாணயம்’ போதாது; வங்கிக் கணக்கில் இருக்கும் ரூபாயும் எண்ணிமம்தான். ‘மெய்நிகர்’ என்றால் வேறொரு மெய்யைப் போல என்று பொருள், இது எதன் போலியும் அல்ல. நான் ‘பேரேட்டுக் காசு’ என்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்த எந்தப் பிள்ளைக்கும் பேரேடு தெரியும். பேரேட்டில் உள்ள வரிக்கு வெளியே இந்தக் காசு எங்கும் இல்லை. சொல் அதை நேராகச் சொல்கிறது. ‘காசு’ நம் வாயில் ஏற்கனவே புழங்குவது, நேர்மைக்கு உத்தரவாதமும் தருவதில்லை. கணிதம் இந்தச் சொல்லில் இல்லையே என்பார்கள். ‘ரூபாய்’ என்ற சொல்லில் மத்திய வங்கியும் இல்லை.

இதோடு சேர்த்து ‘வாலட்’டுக்குப் ‘பணப்பை’ என்று எழுதுவதையும் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிட வேண்டும். அதற்குள் காசு கிடையாது, கையொப்பமிடும் இரகசிய எண் மட்டும்தான் இருக்கிறது. அது தொலைந்தால் காசு பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடியே கிடக்கும், உரியவராலும் அசைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் சாவிக்குத் திறப்பு என்கிறோம். ‘திறப்புக்கோர்வை’ என்று எழுதினால், எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது பெயரிலேயே விளங்கிவிடும்.